ஈஎம்டிஆர்: கண்ணை அசைத்தால் பழைய அதிர்ச்சி போகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகத்துக்கு முன்னாடி விரலை ஆட்டுவாங்களாம், பயம் போயிடுமாம். இது என்ன மந்திரமா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும், உங்களைக் குறை சொல்ல முடியாது. ஈஎம்டிஆர் என்பது அதிர்ச்சி நினைவுகளுக்கான ஒரு மனநலச் சிகிச்சை. அதில் நடப்பது இவ்வளவுதான்: உங்களை இன்னும் விடாமல் துரத்தும் ஒரு குறிப்பிட்ட நினைவை மனதில் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறீர்கள், அதே நேரத்தில் கண்ணால் ஒரு விரலையோ விளக்கையோ இடமும் வலமுமாகத் தொடர்கிறீர்கள். அரை நிமிடம் போலத் தொடர்ந்ததும் நிறுத்தி, என்ன வந்தது என்று ஓரிரு வரியில் சொல்கிறீர்கள், அப்புறம் மறுபடியும் விரல். ஒரு மணி நேரத்துக்குள் இது இருபது முப்பது தடவை நடக்கலாம். ஹிப்னாடிசம் கிடையாது, முழு விழிப்போடு இருப்பீர்கள், எப்போது வேண்டுமானாலும் கையை உயர்த்தி நிறுத்தலாம். நினைவும் அழியாது. நடந்தது நடந்ததாகவே நினைவில் இருக்கும், ஆனால் அதை நினைத்த மாத்திரத்தில் உடம்பு பதறுவது குறையும், அல்லது நின்றே போகும்.

யார் கண்டுபிடிச்சது?

பிரான்சின் ஷபீரோ என்ற அமெரிக்க உளவியலாளர். 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னை அரித்துக்கொண்டிருந்த எண்ணங்கள் சட்டென்று வலுவிழந்ததையும் அந்த நேரத்தில் தன் கண்கள் வேகமாக அங்குமிங்கும் அசைந்ததையும் கவனித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1989இல் 22 பேரை வைத்து முதல் ஆய்வை வெளியிட்டார். ஒரே ஒரு அமர்வில் பெரிய மாற்றம் என்று அதில் சொல்லியிருந்ததால், துறைக்குள் பாதிப் பேர் ஆச்சரியப்பட, மீதிப் பேர் சிரித்தார்கள். அந்தச் சண்டை இன்னும் முழுசாக ஓயவில்லை, கீழே வருகிறேன்.

முதல் நாளே விரலை ஆட்ட ஆரம்பிச்சுடுவாங்களா?

ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த முறையில் எட்டுக் கட்டங்கள் உண்டு, கண் அசைவு வருவது நான்காவதில்தான்.

முதல் கட்டத்தில் உங்கள் கதை கேட்கப்படும்: என்ன நடந்தது, இப்போது எது தூண்டிவிடுகிறது, தூக்கம் எப்படி, மது உண்டா, தற்கொலை எண்ணம் உண்டா, திடீரென்று நேரம் தொலைந்துபோவது போலவோ உடம்பை விட்டு வெளியே நிற்பது போலவோ இருக்கிறதா என்றெல்லாம். இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம், அதற்குத் தனியாக வருகிறேன். இரண்டாவது கட்டம் தயாரிப்பு. மனம் கலங்கினால் தானாகத் திரும்பி வருவதற்கு ஒரு அமைதியான இடத்தைக் கற்பனையில் உருவாக்கிப் பழக்குவார்கள், 'நிறுத்து' என்பதற்கு ஒரு கைச்சைகை பேசிவைத்துக்கொள்வார்கள், எந்தத் தூரத்தில் எந்த வேகத்தில் விரல் போனால் உங்கள் கண்ணுக்கு ஒத்துவருகிறது என்று பார்ப்பார்கள். நாற்காலிகள் நேருக்கு நேர் இருக்காது. சிகிச்சையாளர் கொஞ்சம் பக்கவாட்டில், எதிரெதிரே போகும் இரண்டு கப்பல் ஒன்றையொன்று கடப்பது போல உட்கார்வார், அப்போதுதான் அவர் கை உங்கள் பார்வைக்குள் அகலமாகப் போய்வரும், அவர் முகம் உங்களை உறுத்தாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண் உலர்ந்து எரிந்தால் கழற்றிவிட்டு உட்காரலாம். கண் வலித்தால் உடனே சொல்லிவிடுங்கள். தொடைமேல் மாறிமாறித் தட்டுவது, ஹெட்போனில் இடம் வலம் மாறும் ஒலி என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

ஒரே ஒரு விபத்து என்றால் இந்தத் தயாரிப்பு ஒன்றிரண்டு அமர்வுகளில் முடியும். சிறுவயதிலிருந்து ஆண்டுக்கணக்கில் நடந்த கொடுமை என்றால் அதற்கு மேலேயும் ஆகலாம்.

சரி, நிஜமான செஷன்ல என்னதான் நடக்கும்? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

ஒரு கதையாகவே சொல்கிறேன். இது ஒரு தனி ஆளின் கதை கிடையாது, புரிவதற்காக நானே கட்டியது. ஆனால் இதில் வரும் ஒவ்வொன்றும் இந்த அறைகளில் வழக்கமாக நடப்பதுதான்.

ஒரு பெண், முப்பது வயசுக்கு மேல். எட்டு மாதங்களுக்கு முன் சிவப்பு சிக்னலில் காரை நிறுத்தி நின்றபோது பின்னாலிருந்து லாரி வந்து மோதியது. அவளுக்குக் கழுத்தில் அடி, பக்கத்தில் இருந்த தங்கைக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. இப்போது இருவருக்கும் உடம்பு தேறிவிட்டது, ஆனால் இவள் வண்டி ஓட்டுவதில்லை. பேருந்தில் போனாலும் பின்னால் ஹாரன் கேட்டால் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது.

மூன்றாவது கட்டத்தில் சிகிச்சையாளர் கேட்கும் முதல் கேள்வி, "அந்தச் சம்பவத்தில் எந்தக் காட்சி இப்போதும் மோசமாக இருக்கிறது?" மோதல் என்று நாம் நினைப்போம். அவள் சொல்வது அதற்கு முந்தைய நொடி: ரியர்வியூ கண்ணாடிக்குள் லாரியின் ஹெட்லைட் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

அடுத்த கேள்வி: "அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது?" முதலில் அவள், "லாரி ரொம்ப வேகமாக வந்தது" என்கிறாள். அது நடந்ததைப் பற்றியது, அவளைப் பற்றியது இல்லை. இன்னொரு தடவை கேட்டதும் வருகிறது: "என்னால் எதுவுமே செய்ய முடியாது." அதற்குப் பதிலாக எதை நம்ப ஆசை? "என்னால் சமாளிக்க முடியும்." அது இப்போது எவ்வளவு உண்மையாகப் படுகிறது, 1 என்றால் துளிகூட இல்லை, 7 என்றால் முழுக்க உண்மை. அவள் 2 என்கிறாள். என்ன உணர்ச்சி? பயம், அடியில் கோபம். எவ்வளவு கலக்கம், 0 முதல் 10க்குள்? எட்டு. உடம்பில் எங்கே? பிடரியிலும் வலது பாதத்திலும்.

இவ்வளவுக்கும் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இதற்கப்புறம்தான் விரல்.

அந்தக் காட்சி, அந்த வாக்கியம், உடம்பில் அந்த இறுக்கம் மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் விரலைத் தொடர்கிறாள். ஒரு சுற்று என்பது இருபத்துநாலு தடவை போல இடமிருந்து வலம் போய்த் திரும்புவது, ஒரு போய்வரலுக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பின்தொடர முடிகிற வேகம், ஆனால் சோம்பலாகத் தொடர முடியாத வேகம். நிறுத்தி, "மூச்சு விடுங்க. இப்ப என்ன வருது?"

"லைட் இன்னும் கிட்ட வந்துடுச்சு."

"அதையே பாருங்க." மறுபடியும் விரல்.

சிகிச்சையாளர் விளக்கம் சொல்வதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. வழிகாட்டி வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது முதலில் எரிச்சலாகக்கூட இருக்கும். இரண்டாவது சுற்றில் கண்ணாடி நொறுங்கும் சத்தம். மூன்றாவதில் அழுகை, கலக்கம் இப்போது 9. ஆம், முதலில் ஏறும். அழும்போதும் கை நிற்காது, "அது பழசு, நீங்க இங்க இருக்கீங்க, பார்த்துட்டே இருங்க" என்று சிகிச்சையாளர் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போவார், அலை தாழும்வரை. ஆறாவது சுற்றில் தங்கையின் குரல். எட்டாவதில் சம்பந்தமே இல்லாமல், யாரோ ஒரு ஆள் கார் கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை நீட்டியது. எட்டு மாதமாக அந்த ஆள் ஞாபகத்துக்கே வந்ததில்லை என்கிறாள். பத்தாவதில் கால் தளர்கிறது. மறுபடி அந்த ஹெட்லைட் காட்சிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னால், எண் 4.

நான்கிலேயே நிற்கிறது.

எண் குறையாம ஒரே இடத்துல மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவாங்க?

சிகிச்சையாளரின் திறமை தெரிவது இந்த இடத்தில்தான். கை ஆட்ட யாராலும் முடியும்.

நம் கதையில் இரண்டு மூன்று சுற்றுகளாக ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "நான் அங்க நிறுத்தினதாலதான் அவளுக்கு அடிபட்டுச்சு." படம் மாறவில்லை, உணர்ச்சி மாறவில்லை, உடம்பு மாறவில்லை. வண்டி சேற்றில் சிக்கி சக்கரம் மட்டும் சுற்றுவது மாதிரி. முதலில் எளிதானதை மாற்றிப் பார்ப்பார்கள்: விரலின் திசை, வேகம், சுற்றின் நீளம், அல்லது காட்சியை விட்டுவிட்டு உடம்பின் இறுக்கத்தை மட்டும் கவனிக்கச் சொல்வது. அதற்கும் அசையவில்லை என்றால் ஒரே ஒரு சின்னக் கேள்வியை உள்ளே நுழைப்பார்கள். "தங்கச்சி ஓட்டிட்டு வந்து, அதே சிக்னல்ல அவ நிறுத்தியிருந்தா, உங்களுக்கு அடிபட்டிருந்தா, அவகிட்ட என்ன சொல்வீங்க?"

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறாள். "சிவப்பு விளக்குன்னா நிறுத்தித்தானே ஆகணும்னு சொல்வேன்."

"அதையே வச்சுக்கோங்க." விரல்.

கவனியுங்கள், பதிலைச் சிகிச்சையாளர் சொல்லவில்லை, விவாதிக்கவும் இல்லை. அவளுக்கு ஏற்கனவே தெரிந்த ஒன்றை, மாட்டிக்கொண்டிருந்த நினைவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான். நான் பார்த்த மோசமான அமர்வுகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெட்டுப்போயின: சிகிச்சையாளர் பொறுமை இழந்து அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார், எதிரில் இருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார், எண்ணும் மரியாதைக்கு 0 ஆகிவிடும். அடுத்த வாரம் வந்தால் பழைய எட்டு. சிகிச்சையாளரைத் திருப்திப்படுத்த எண்ணைக் குறைத்துச் சொல்லாதீர்கள், நஷ்டம் உங்களுக்குத்தான்.

சில சமயம் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் இந்தச் சம்பவமாகவே இருக்காது. 'என்னால் எதுவும் செய்ய முடியாது' என்பது பத்து வயதில் வேறொரு அறையில் பிறந்த வாக்கியமாக இருக்கும். அப்போது அந்தப் பழைய நினைவைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கும்.

செஷன் நேரம் முடிஞ்சிடுச்சு, ஆனா மனசு இன்னும் கொதிச்சுட்டு இருக்கு. அப்படியே அனுப்பிடுவாங்களா?

அனுப்பக்கூடாது. 60 முதல் 90 நிமிட அமர்வு என்றால் கடைசிப் பத்து நிமிடத்தையாவது மூடுவதற்கென்று ஒதுக்கிவைக்க வேண்டும். முடியாத வேலையை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுவதாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள், அமைதியான இடத்துக்குத் திரும்பச் சொல்வார்கள், அறையில் இருக்கும் பொருள்களைப் பெயர் சொல்லி எண்ணவைப்பார்கள். நீங்கள் நிதானத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று தெரியும்வரை கதவு திறக்கக் கூடாது. அன்றைக்கு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாமல் இருப்பது நல்லது, அன்று மாலை பெரிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதும்.

நம் கதையில் முதல் அமர்வு 3இல் முடிகிறது. அடுத்த வாரம் அதே காட்சியில் தொடங்கி, நாலைந்து சுற்றுகளில் 0. அதன்பிறகு ஐந்தாவது கட்டம்: 'என்னால் சமாளிக்க முடியும்' என்ற வாக்கியத்தையும் அந்த ஹெட்லைட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சில சுற்றுகள், 2 என்று இருந்தது 6, அப்புறம் 7. ஆறாவதில், தலை முதல் கால்வரை உடம்பை மனதால் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். பிடரியில் கொஞ்சம் மிச்சம், அதற்கும் ஒரு சுற்று. ஏழாவது அமர்வை மூடுவது. எட்டாவது, அடுத்த தடவை வரும்போது எல்லாம் நிலைத்திருக்கிறதா என்று சோதிப்பது. அப்படிச் சோதித்தபோதுதான் ஆம்புலன்ஸ் சைரன் இன்னும் உறுத்துகிறது என்று தெரிய வருகிறது. அதைத் தனியாக எடுக்கிறார்கள், கடைசியாக, சிக்னலில் தானே வண்டியை நிறுத்தி நிற்பதைக் கற்பனையில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

நடந்ததை எல்லாம் வாய்விட்டு சொல்லணுமா? எனக்கு அதுதான் பயம்.

வேண்டாம். பலர் இந்த முறையைத் தேர்ந்தெடுப்பதே இதற்காகத்தான். "அந்த அறை", "அவன் கை" என்று இரண்டு சொல் போதும், மற்றதை உங்களுக்குள்ளேயே பார்க்கலாம். அவமானம் கலந்த நினைவுகளில் இது பெரிய சலுகை. அதிர்ச்சியை மையமாக வைத்த மற்ற சிகிச்சைகளில், உதாரணமாக நீடித்த எதிர்கொள்ளல் என்னும் முறையில், சம்பவத்தை நிகழ்காலத்தில் நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லி, அந்த ஒலிப்பதிவை வீட்டில் கேட்டு வர வேண்டும். ஈஎம்டிஆரில் வீட்டுப்பாடம் அநேகமாக இல்லை, என்ன வந்தது என்று சுருக்கமாகக் குறித்து வைக்கச் சொல்வார்கள். ஆனால் ஒன்று: வெளியே சொல்ல வேண்டாமே தவிர, உள்ளே பார்க்காமல் தப்ப முடியாது.

செஷனுக்கு அப்புறம் கெட்ட கனவு அதிகமாயிடுச்சு. தப்பா போச்சா?

ஒன்றிரண்டு நாள் கனவு, எரிச்சல், அசதி, புதுசாக ஏதாவது நினைவுத்துண்டு வருவது எல்லாம் சகஜம். குறித்துவைத்து அடுத்த தடவை சொல்லுங்கள். நாளாக நாளாகக் கூடிக்கொண்டே போனால், வேலைக்கே போக முடியாத நிலை வந்தால், உங்களையே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினால் அடுத்த அமர்வுவரை காத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள்.

உண்மையை சொல்லுங்க, கண் அசைவுதான் வேலை செய்யுதா, இல்ல சும்மா அலங்காரமா?

இந்தத் துறையின் பழைய சண்டையே இதுதான். ரிச்சர்ட் மெக்னாலி என்ற உளவியலாளர் 1999இல் சொன்னதன் சாரம்: ஈஎம்டிஆரில் பலன் தருவது புதிதல்ல, புதிதாக இருப்பது பலன் தரவில்லை. அதாவது, பயந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் வைத்து எதிர்கொள்வதுதான் குணப்படுத்துகிறது, அது ஏற்கனவே இருந்த வைத்தியம், விரல் வெறும் வேடிக்கை என்பது அவர் கட்சி. 2001இல் டேவிட்சனும் பார்க்கரும் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் கண் அசைவால் கூடுதல் பலன் தெரியவில்லை. 2013இல் லீயும் கைப்பர்சும் வேறு ஆய்வுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது கண் அசைவுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு என்று வந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த ஆய்வு 2016இல் ஜெர்மனியில் சாக் என்பவரின் குழு செய்தது. பிடிஎஸ்டி என்னும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் உள்ள 139 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு நினைவை மனதில் வைத்துக்கொண்டு அசையும் கையைப் பார்த்தது, இரண்டாவது குழு அசையாத கையையே உற்றுப் பார்த்தது, மூன்றாவதற்கு எந்தக் கையும் இல்லை. மூன்று குழுவுக்குமே நல்ல முன்னேற்றம். கையைப் பார்த்தவர்கள் மூன்றாம் குழுவைவிட மேல். ஆனால் அசையும் கைக்கும் அசையாத கைக்கும் வித்தியாசம் தெரியவில்லை!

இதற்கு இப்போது அதிகம் பேசப்படும் விளக்கம் இதுதான். ஒரு நேரத்தில் மனதில் ஏந்தி வைத்துக்கொள்ளும் இடம் நமக்குக் கொஞ்சம்தான். பயங்கரமான காட்சி ஒன்றை அந்த இடத்தில் வைத்துக்கொண்டே வேறொரு வேலையும் செய்தால் இரண்டுக்கும் இடம் போதாமல் காட்சி மங்குகிறது. மங்கிய நிலையிலேயே திரும்பச் சேமிக்கப்படுகிறது என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடச் சொன்னாலும் படம் வரையச் சொன்னாலும் இதே மங்கல் வந்திருக்கிறது. காதில் இடம் வலமாக 'பீப்' ஒலி கேட்பது கண் அசைவைவிடப் பலவீனமாக இருந்திருக்கிறது, ஏனென்றால் அதைக் கேட்பதில் உழைப்பே இல்லை. மூளையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் கைகோத்துக்கொள்கின்றன என்று விளம்பரங்களில் வருகிறதே, அதற்கு ஆதாரம் பலவீனம். 2019இல் கொரிய ஆய்வாளர்கள், ஒளியை இடம் வலமாகக் காட்டியபோது எலிகளின் பயம் தணிவதையும் அதற்கான மூளைப் பாதையையும் காட்டினார்கள்; சுவாரசியமான வேலை, ஆனால் எலியின் பயத்துக்கும் மனிதரின் குற்ற உணர்ச்சிக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

என் கருத்து: கவனத்தில் பாதி நினைவிலும் பாதி இந்த அறையிலும் இருக்க வேண்டும் என்பது முக்கியம், அதைப் பிடித்துவைப்பது விரலா வேறொன்றா என்பது அவ்வளவு முக்கியமில்லை. விரலைப் பார்த்துக்கொண்டே நினைவை நழுவவிட்டால் கண்ணுக்குப் பயிற்சிதான் மிச்சம்.

விரல் கிடக்கட்டும், மொத்த சிகிச்சைக்கு ஆதாரம் எவ்வளவு பலம்?

பிடிஎஸ்டிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல், அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி என்னும் பேச்சுச் சிகிச்சையோடு சேர்த்து இதையும் பரிந்துரைத்தது. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2018 வழிகாட்டியில், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியும் பிடிஎஸ்டி இருக்கும் பெரியவர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்கிறது, ஆனால் போர்க்களத்தில் ஏற்பட்ட அதிர்ச்சிக்கு அந்தப் பரிந்துரை இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2017இல் சிபிடி வகைகளுக்கு வலுவான பரிந்துரையும் இதற்கு நிபந்தனையோடான பரிந்துரையும் கொடுத்தது. ஒரே ஆதாரக் குவியலை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அளவில் கைதட்டுகிறார்கள்.

ஏன் இந்தத் தயக்கம்? 2020இல் கைப்பர்சின் குழு 76 ஆய்வுகளைத் திரட்டியது. பிடிஎஸ்டிக்குப் பலன் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கணக்கில் வந்த 27 ஆய்வுகளில் நம்பும்படி கவனமாகச் செய்யப்பட்டவை நான்கே நான்கு. மற்ற சிகிச்சைகளைவிட இது மேல் என்று மொத்தக் கணக்கு சொன்னது, கவனமாகச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த மேல்நிலை மறைந்துவிட்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி, போதை என்று எல்லாவற்றுக்கும் ஈஎம்டிஆர் என்று போர்டு வைக்கிறார்களே, அதற்கெல்லாம் இன்னும் போதிய ஆதாரம் சேரவில்லை.

மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வும் உண்டு. 2007இல் வான் டெர் கோல்க் குழு 88 பேருக்கு எட்டு வார ஈஎம்டிஆர், மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளூவாக்ஸ்டின் மாத்திரை, போலி மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தது. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து, பெரியவர்களான பின் அதிர்ச்சிக்கு ஆளாகி ஈஎம்டிஆர் எடுத்தவர்களில் 75 சதவீதத்தினர் அறிகுறியின்றி இருந்தார்கள். சிறுவயதில் அதிர்ச்சிக்கு ஆளானவர்களில் அது 33 சதவீதம்தான். ஃபுளூவாக்ஸ்டின் எடுத்தவர்களில் ஒருவரும் அந்த நிலையில் இல்லை. ஆள் எண்ணிக்கை சிறியது என்பதை மறக்க வேண்டாம், இதைப் படித்துவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். அந்த 75க்கும் 33க்கும் இடையிலான இடைவெளியைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

அப்போ எத்தனை செஷன் ஆகும்?

நைஸ் சொல்வது பொதுவாக 8 முதல் 12, பல சம்பவங்கள் இருந்தால் கூடும். ஒரே விபத்து என்றால் அதற்கும் குறைவாக முடிவதைப் பார்க்கலாம். சிறுவயது முழுக்க நீண்ட துன்பம் என்றால் மாதக் கணக்கு. "மூன்றே அமர்வில் குணம்" என்று உங்களைப் பார்ப்பதற்கு முன்பே சொல்கிறவர்களிடம் எச்சரிக்கை. நாலைந்து முறை நினைவைச் சரியாக எடுத்துச் செய்தும் எண் அசையவே இல்லை என்றால், வேறு முறைக்கு மாறலாமா என்று நேரடியாகக் கேளுங்கள், சிபிடி வகைகளுக்கும் இதே அளவு பலன் உண்டு.

யாருக்கெல்லாம் இது ஆகாது?

நேரம் தொலைகிறதா, உடம்பை விட்டு வெளியே நிற்பது போல இருக்கிறதா என்று முதல் நாள் கேட்டார்களே, அதற்கான காரணம் இங்கே. சிலருக்கு அதிர்ச்சி கிளறப்பட்டதும் அழுகை வராது, ஆள் அணைந்துபோவார்: கண் விரலைத் தொடரும், பார்வை வெறித்திருக்கும், பேச்சு தாமதமாகும், கை சில்லிடும், "என்ன வருது?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். பார்க்க அமைதியாக இருக்கும், எண்ணும் 0 என்பார். அனுபவம் இல்லாத சிகிச்சையாளர் இதை வெற்றி என்று எண்ணிவிடுவார். உண்மையில் அவர் அந்த அறையிலேயே இல்லை. அப்போது விரலை நிறுத்தி, கண்ணைத் திறந்து சுற்றிப் பார்க்கவைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றவைத்து ஆளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும். இது அடிக்கடி வருகிறவர்களுக்குத் தயாரிப்புக் கட்டம் நீள வேண்டும், அனுபவம் உள்ளவர்தான் தொட வேண்டும்.

இப்போதைக்குத் தற்கொலை அபாயம் இருந்தால், கொடுமை இன்னும் வீட்டில் நடந்துகொண்டே இருந்தால், முதலில் பாதுகாப்பு. ஆனால் 'மனநோய் கடுமையாக இருக்கிறது, எனவே தொடவே கூடாது' என்ற பழைய பயத்துக்கு ஆதாரம் குறைந்து வருகிறது. 2015இல் நெதர்லாந்தில், நிஜத்தோடு தொடர்பு அறும் சைக்கோசிஸ் என்னும் மனநோயோடு பிடிஎஸ்டியும் இருந்த 155 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஈஎம்டிஆர், நீடித்த எதிர்கொள்ளல் இரண்டுமே பலன் தந்தன, நோய் கிளறப்படவும் இல்லை.

எனக்கு சின்ன வயசு ஞாபகமே இல்ல. இதை வச்சு மறந்ததை தோண்டி எடுக்கலாமா?

அதற்காகப் போகாதீர்கள். சுற்றுகளுக்கு நடுவே வருவதெல்லாம் நடந்த உண்மை என்று உறுதியில்லை, கனவுத்துண்டு, கேட்ட கதை, கற்பனை எல்லாம் கலந்து வரும். "உங்களுக்கு ஏதோ நடந்திருக்கணும், தேடுங்க" என்று தூண்டும் சிகிச்சையாளர் ஆபத்தானவர். இன்னொரு பக்கம், வழக்கில் சாட்சி சொல்லவேண்டிய நிலையில் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். காட்சியின் கூர்மை குறையலாம், எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார்.

யூடியூப்ல பந்து இடம் வலமா ஓடுற வீடியோ இருக்கு. நானே பண்ணிக்கலாமா?

பந்து ஓடுவது எளிது. நீங்கள் 9இல் மாட்டிக்கொண்டால் அந்தக் கேள்வியை யார் கேட்பார்? ஆள் அணைந்துபோனால் யார் கவனிப்பார்? அதிர்ச்சி நினைவை வைத்துத் தனியாகச் செய்ய வேண்டாம். வீடியோ அழைப்பில் ஒரு சிகிச்சையாளர் எதிரில் இருந்து செய்வது வேறு, அது நடக்கிறது. அப்படிச் செய்யும்போது அழைப்பு அறுந்தால் என்ன செய்வது, வீட்டில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று முன்பே பேசிவைத்திருக்க வேண்டும்.

போற ஆள் சரியான ஆள்தானான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

முதலில் அவர் மனநலத்தில் முறையாகத் தகுதி பெற்றவரா என்று பாருங்கள், ஈஎம்டிஆர் அதன்மேல் வரும் பயிற்சி. அடிப்படைப் பயிற்சியை முழுசாக முடித்தாரா, மேற்பார்வையில் செய்தாரா, உங்களுடையதைப் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம் இரண்டாவது மூன்றாவது அமர்வில் நீங்களே கவனிக்கலாம். நிறுத்தச்சொல்லிக் கை தூக்கினால் நிறுத்துகிறாரா? எண்ணைக் கேட்கிறாரா, கேட்டுக் குறித்துக்கொள்கிறாரா? அடுத்த தடவை போனதும் போன வார நினைவைத் திரும்பத் தொட்டுச் சோதிக்கிறாரா? மூடுவதற்கு நேரம் விடுகிறாரா, அல்லது மணி அடித்ததும் அழுத கண்ணோடு வாசலுக்கு அனுப்பிவிடுகிறாரா? கடைசியாகச் சொன்னது இரண்டு தடவை நடந்தால் நான் மூன்றாவது தடவை போகமாட்டேன்.